இரண்டு பக்கம், நடுவில் ஒரு கோணம்: முக்கோணத்தை எந்த வரிசையில் தீர்ப்பது?

ரெண்டு பக்கமும் நடுக்கோணமும் குடுத்திருக்காங்க. எதை முதல்ல கண்டுபிடிக்கணும்?

முதலில் மூன்றாவது பக்கம், கொசைன் சூத்திரத்தால். அடுத்து, கொடுத்த இரண்டு பக்கங்களில் எது சிறியதோ அதற்கு எதிரே உள்ள கோணம், சைன் சூத்திரத்தால். கடைசிக் கோணத்துக்குச் சூத்திரம் வேண்டாம், 180-இலிருந்து கழித்தால் போதும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இந்தப் பக்கம் முழுக்க இதே கணக்குதான் வரும். ஒரு வயலின் மூலை A. அங்கிருந்து ஒரு வரப்பு 40 மீட்டர் போய் C-இல் முடிகிறது. இன்னொரு வரப்பு 90 மீட்டர் போய் B-இல் முடிகிறது. A-இல் இரண்டுக்கும் நடுவே 35°. B-க்கும் C-க்கும் நடுவே குட்டை இருப்பதால் அங்கே டேப் பிடிக்க முடியாது. வழக்கப்படி A-க்கு எதிர்ப்பக்கம் a, B-க்கு எதிர்ப்பக்கம் b, C-க்கு எதிர்ப்பக்கம் c. ஆக b = 40, c = 90, A = 35°.

a² = 40² + 90² − 2 × 40 × 90 × cos 35°
a² = 9700 − 5897.9 = 3802.1
a = 61.66

சிறிய பக்கம் 40. அதற்கு எதிரே இருப்பது B.

sin B = 40 × sin 35° ÷ 61.66 = 0.3721
B = 21.84°

C = 180° − 35° − 21.84° = 123.16°

கணக்கு முடிந்தது. கீழே வரும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டாவது படியைப் பற்றியவை. "சிறிய பக்கத்துக்கு எதிரே" என்று ஏன் அவ்வளவு குறிப்பாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் விஷயமே.

சைன் சூத்திரம்தானே சுலபம், அதையே முதல்ல போட்டா என்ன?

போட முடியாது. சைன் சூத்திரம் ஓட வேண்டுமானால் ஒரு பக்கமும் அதற்கு நேர் எதிரே உள்ள கோணமும் ஜோடியாகத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே 40-க்கு எதிர்க்கோணம் தெரியாது, 90-க்கும் தெரியாது. 35°-க்கு எதிர்ப்பக்கம் தெரியாது. கையில் மூன்று அளவு இருந்தும் ஒரு ஜோடிகூட இல்லை. கொசைன் சூத்திரம் a-வைத் தந்த பிறகுதான் முதல் ஜோடி கிடைக்கிறது.

ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் கொடுத்திருந்தால் கதை வேறு. 1802-இல் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரிய நில அளவையில் பெரும்பாலும் அந்த வகை முக்கோணங்கள்தான். தரையில் நீளம் அளப்பது பெரும்பாடு என்பதால் ஒரு கோட்டை மட்டும் சங்கிலி போட்டு அளந்துவிட்டு, மற்றதையெல்லாம் தியோடலைட்டில் கோணமாகப் பிடித்தார்கள். அதில் சைன் சூத்திரம் பக்கத்தைத் தேடுகிறதே தவிரக் கோணத்தைத் தேடவில்லை. அதனால் நாம் இங்கே பேசப்போகிற குழப்பம் அங்கே தலையெடுக்கவே இல்லை.

நான் பெரிய கோணத்தை முதல்ல கண்டுபிடிச்சேன். C = 56.84° வந்துச்சு. விடைப் பக்கத்துல 123.16°னு இருக்கு. எங்க தப்பு பண்ணேன்?

கூட்டல் பெருக்கலில் தப்பு இல்லை. நீங்கள் போட்டது இதுவாகத்தான் இருக்கும்:

sin C = 90 × sin 35° ÷ 61.66 = 0.8372
C = sin⁻¹(0.8372) = 56.84°

முதல் வரி சரி. இரண்டாவது வரியில்தான் சறுக்கல். சைன் மதிப்பு 0.8372 உள்ள கோணம் முக்கோணத்துக்குள் இரண்டு உண்டு: 56.84°, 123.16°. இரண்டையும் கூட்டினால் 180°. கால்குலேட்டரின் sin⁻¹ பொத்தான் நேர் எண்ணுக்கு எப்போதும் 0-க்கும் 90-க்கும் இடைப்பட்டதைத்தான் காட்டும். விரிகோணத்தைத் தானாகக் காட்டவே காட்டாது. உங்கள் C ஒரு விரிகோணம். பொத்தானிடம் அதைக் கேட்டுப் பெற வழியில்லை.

என்னிடம் டியூஷன் வந்த பையன் ஒருவன் இதே இடத்தில் மூன்று முறை அழித்து அழித்துப் போட்டான். மூன்று முறையும் 56.84 வந்தது. "மூணு தடவை வந்துடுச்சு சார், அப்ப இதுதான் சரி" என்றான். ஒரே பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் அது ஒரே பதிலைத்தானே சொல்லும்!

ப-கோ-ப குடுத்தா ஒரே ஒரு முக்கோணம்தான்னு ஏழாம் வகுப்புலயே சொன்னாங்களே. அப்ப ரெண்டாவது முக்கோணம் எங்கிருந்து வந்துச்சு?

நல்ல கேள்வி. முக்கோணம் ஒன்றுதான். இரண்டாவதைக் கொண்டுவந்தது நீங்கள் போட்ட வரிசை.

sin C = c sin A ÷ a என்று எழுதும் வரியைப் பாருங்கள். அதில் a இருக்கிறது, c இருக்கிறது, A இருக்கிறது. 40 எங்கே? இல்லை. a-வைக் கண்டுபிடிக்க 40 உதவியது உண்மை. ஆனால் இந்த வரிக்கு வரும்போது அதைக் கைவிட்டுவிட்டீர்கள். இப்போது கையில் இருப்பது இரண்டு பக்கங்களும் நடுவில் இல்லாத ஒரு கோணமும், அதாவது ப-ப-கோ. அந்த வகைக்கு இரண்டு முக்கோணம் வரலாம் என்பதும் பழைய பாடம்தான்.

வயலுக்குப் போய்ப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். B-இல் நின்று, A-யையும் C-யையும் இணைக்கும் வரப்பை நோக்கிச் செங்குத்தாக ஒரு கயிறு இழுங்கள். அது வரப்பில் தொடும் இடம் D. A-இலிருந்து D-க்கு உள்ள தூரம் 90 × cos 35° = 73.72 மீட்டர். வரப்போ 40 மீட்டரிலேயே முடிந்துவிட்டது. எனவே D விழுவது C-யைத் தாண்டி, வரப்பை நீட்டினால் வரும் இடத்தில். C-க்கும் D-க்கும் இடையே 33.72 மீட்டர்.

இப்போது D-க்கு அந்தப் பக்கம் அதே 33.72 மீட்டரில் இன்னொரு முளை அடியுங்கள். A-இலிருந்து அது 107.45 மீட்டரில் இருக்கும். B-இலிருந்து C-க்கு எவ்வளவு தூரமோ, அந்த முளைக்கும் அதே 61.66 மீட்டர்தான். B-இலிருந்து பார்த்தால் D-க்கு இரு பக்கமும் சமம், கண்ணாடியில் பார்ப்பது போல. A-இல் உள்ள 35° மாறவில்லை, 90 மீட்டர் வரப்பும் மாறவில்லை. அந்த முளையில் உருவாகும் கோணம்தான் 56.84°.

ஆக உங்களுக்கு வந்தது ஏதோ ஒரு தப்பான எண் அல்ல. 40 மீட்டர் வரப்புக்குப் பதில் 107.45 மீட்டர் வரப்பு உள்ள பக்கத்து முக்கோணத்தின் சரியான விடை. 40-ஐ மறந்ததற்குக் கிடைத்த பலன் அது.

போன கணக்குல பெரிய கோணத்தைத்தான் முதல்ல போட்டேன், சரியாதானே வந்துச்சு?

வந்திருக்கும். அதுதான் இதில் உள்ள வம்பு. சின்ன வரப்பு 40-க்குப் பதில் 80 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். D அதே 73.72-இல்தான் விழும், ஆனால் இப்போது அது வரப்புக்குள்ளேயே விழுகிறது. C குறுங்கோணமாகிவிடும், sin⁻¹ தரும் பதில் நேராகவே பொருந்தும்.

b-யும் c cos A-யும் ஒப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடலாம். b, c இரண்டில் சிறியது b என்றால், b-யைவிட c cos A பெரியதாக இருக்கும்போது C விரிகோணம். சமமாக இருந்தால் செங்கோணம். சிறியதாக இருந்தால் குறுங்கோணம். ஆனால் ஒவ்வொரு கணக்கிலும் இதைச் சோதித்துக்கொண்டிருப்பதைவிடச் சிறிய கோணத்தை முதலில் எடுப்பது மிச்சம்.

சின்னக் கோணம்னா எப்பவும் சரியா வரும்னு எப்படி நம்புறது?

ஒரு முக்கோணத்துக்குள் 90° அல்லது அதற்கு மேற்பட்ட கோணம் ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது. தெரியாமல் இருப்பது இரண்டு கோணங்கள். அவற்றில் சிறியது 90°-ஐத் தொட்டால் பெரியதும் 90°-ஐத் தொட வேண்டும், அப்போது A-க்கு இடமே இருக்காது. எனவே சிறியது கட்டாயம் குறுங்கோணம். sin⁻¹ தருவதும் குறுங்கோணம். இரண்டும் ஒத்துப்போகின்றன. எது சிறிய கோணம் என்று தெரிய எதையும் கணக்கிட வேண்டியதில்லை, சிறிய பக்கத்துக்கு எதிரே உள்ளதுதான்.

இதில் கண்டுபிடித்த a-வைச் சேர்த்து ஒப்பிட வேண்டாம். a எல்லாவற்றையும்விடப் பெரிதாக வந்தாலும் சரி, சிறிதாக வந்தாலும் சரி, b, c இரண்டில் எது சிறியது என்பது மட்டும்தான் பார்க்க வேண்டியது. கொடுத்த கோணம் A-யே விரிகோணமாக இருந்தால் மற்ற இரண்டும் குறுங்கோணங்கள், எதை முதலில் எடுத்தாலும் தப்பாது. b = c என்றால் இருசமபக்க முக்கோணம், (180° − A) ÷ 2 என்று முடித்துவிடலாம்.

சைனே வேண்டாம், கொசைனையே ரெண்டு தடவை போட்டா?

தாராளமாக. அப்போது வரிசையைப் பற்றிக் கவலையே இல்லை, பெரிய கோணத்தையும் முதலில் எடுக்கலாம்:

cos C = (40² + 3802.1 − 90²) ÷ (2 × 40 × 61.66) = −0.5469
C = 123.16°

எண்ணுக்கு முன்னால் உள்ள கழித்தல் குறியே இது விரிகோணம் என்று சொல்லிவிடுகிறது. 0°-இலிருந்து 180° வரை ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனி கொசைன் மதிப்பு இருப்பதால் cos⁻¹ தடுமாறாது. எழுதும் வேலை கொஞ்சம் கூடுதல், கழித்தல் குறியை மறந்துவிடும் ஆபத்தும் உண்டு. குறியை விட்டால் மறுபடி அதே 56.84°-இல்தான் போய் நிற்பீர்கள். என்னைக் கேட்டால், பரீட்சையில் நேரம் குறைவு என்றால் சைனும் சிறிய கோணமும். மனசுக்குள் சந்தேகம் இருந்தால் கொசைன்.

பதினொன்றாம் வகுப்புல நேப்பியர் சூத்திரம்னு ஒண்ணு வருதே, அது எதுக்கு?

இதே கணக்கை எதிர் வரிசையில் தீர்ப்பதற்கு. அதில் கோணங்கள் முதலில் வரும், பக்கம் கடைசியில்.

tan((C − B)/2) = ((c − b) ÷ (c + b)) × cot(A/2)
= (50 ÷ 130) × cot 17.5° = 1.2198
(C − B)/2 = 50.66°

C, B இரண்டின் கூட்டுத்தொகை 145°, பாதி 72.5°. கூட்டினால் C = 123.16°, கழித்தால் B = 21.84°. அதன்பின் சைன் சூத்திரத்தில் a = 61.66. இங்கேயும் குழப்பம் இல்லை. பாதி வித்தியாசம் எப்போதும் −90°-க்கும் 90°-க்கும் இடையில்தான் இருக்கும், அந்த எல்லைக்குள் ஒரு டேன்ஜன்ட் மதிப்புக்கு ஒரே ஒரு கோணம்தான்.

இன்று இதைத் தேடிப் போக வேண்டிய அவசியம் குறைவு. மடக்கை அட்டவணை வைத்துக் கணக்குப் போட்ட காலத்தில்தான் இதற்கு மவுசு. மடக்கை பெருக்கலைக் கூட்டலாக்கும், ஆனால் கொசைன் சூத்திரத்தில் உள்ள கூட்டல் கழித்தலுக்கு அதனால் உதவி இல்லை. நேப்பியர் சூத்திரம் முழுக்கப் பெருக்கலும் வகுத்தலும் என்பதால் அட்டவணைக்குத் தோதாக இருந்தது. பெயர் நேப்பியர் என்றாலும், அவருடைய மடக்கை நூல் 1614-இல் வருவதற்கு முன்பே, 1583-இல், டென்மார்க்கைச் சேர்ந்த ஃபின்க்கே இதற்கு அடிப்படையான டேன்ஜன்ட் விதியை அச்சில் கொண்டுவந்துவிட்டார்.

மூணு கோணத்தையும் கூட்டிப் பாத்தேன், 180 வருது. அப்ப விடை சரிதானே?

அந்தச் சோதனை எதையும் சோதிக்கவில்லை. மூன்றாவது கோணத்தையே 180-இலிருந்து கழித்துத்தானே எடுத்தீர்கள்? முந்தைய கோணம் தப்பாக இருந்தாலும் கூட்டுத்தொகை 180 வந்தே தீரும். தப்பான விடையைப் பாருங்கள்: 35°, 56.84°, 88.16°. கூட்டினால் அழகாக 180.

பக்கங்களின் வரிசையோடு கோணங்களின் வரிசையை ஒட்டிப் பாருங்கள். பக்கங்கள் 40, 61.66, 90. தப்பான விடையில் 40-க்கு எதிரே 88.16°, அதாவது மிகச் சிறிய பக்கத்துக்கு எதிரே மிகப் பெரிய கோணம். அப்படி ஒரு முக்கோணம் இருக்க முடியாது. சரியான விடையில் 21.84°, 35°, 123.16° என்று வரிசை பக்கங்களோடு ஒத்துப்போகிறது.

இந்த ஒப்பீடு எல்லாத் தப்பையும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். அழுத்தமான சோதனை வேண்டுமானால் வீழல் சூத்திரம் இருக்கிறது: b = a cos C + c cos A. சரியான C-யைப் போட்டால் −33.72 + 73.72 = 40. தப்பான C-யைப் போட்டால் 33.72 + 73.72, வருவது 107.45-ஐ ஒட்டிய எண். பக்கத்து முளை மறுபடி எட்டிப் பார்க்கிறது.

a = 62னு முழு எண்ணா எடுத்துக்கிட்டா பரவாயில்லையா?

விடையில் எழுதும்போது எடுத்துக்கொள்ளலாம், நடுவில் வேண்டாம். 62-ஐ வைத்து B கண்டால் 21.72° வரும், சுமார் 0.12° விலகல். அதே 62-ஐ வைத்துப் பெரிய கோணத்தைச் சைனால் கண்டால் விலகல் அரை டிகிரியை நெருங்கும். 90°-க்குப் பக்கத்தில் சைன் மதிப்பு மெதுவாகவே மாறும், அதனால் மதிப்பில் சின்னப் பிசகு கோணத்தில் பெரிதாகத் தெரியும். சிறிய கோணத்தை முதலில் எடுக்க இது இன்னொரு காரணம். கால்குலேட்டரில் `Ans` பொத்தானை வைத்து a-வை அப்படியே கொண்டுபோவது நல்லது.

ஆனால் நிஜ வயலில் 61.6612 என்று எழுதுவது வீண் பெருமை. இந்த முக்கோணத்தில் 35° என்பது ஒரு டிகிரி பிசகினால் a சுமார் 58 சென்டிமீட்டர் மாறும். கோணத்தை அரை டிகிரி வரைதான் நம்ப முடியும் என்றால், 61.7 மீட்டர், 30 சென்டிமீட்டர் முன்பின் இருக்கலாம் என்று சொல்வதுதான் நேர்மை.

எனக்கு a = 127.3 வருது. சூத்திரம் சரியாதான் போட்டேன்.

கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது. திரையின் மேலே சிறியதாக `R` தெரிகிறதா பாருங்கள், `D` இருக்க வேண்டும். இந்த 127.3 பார்வைக்குச் சாதுவாக இருக்கும், ஏனென்றால் 40 + 90 = 130-ஐத் தாண்டவில்லை, முக்கோணம் அமையத்தான் செய்யும். ஆனால் நடுக்கோணம் 90° என்றாலே a = √9700 = 98.5 தான். 35° அதைவிடக் குறுகல், எனவே 98.5-க்கு மேல் எந்த எண் வந்தாலும் தப்பு.

இதை ப்ரோக்ராமா எழுதினா எந்த வரிசையில எழுதணும்?

அங்கே sin⁻¹-ஐத் தொடவே வேண்டாம். முன்பு பார்த்த செங்குத்துக் கயிற்றையே பயன்படுத்தலாம். கயிற்றின் நீளம் c sin A. C-இலிருந்து D இருக்கும் தூரம் b − c cos A, அது கழித்தல் எண்ணாக வந்தால் D வரப்புக்கு வெளியே. `atan2` இரண்டின் குறியையும் பார்ப்பதால் விரிகோணம் தானாகவே சரியாக வரும்.

```python
from math import *
b, c, A = 40, 90, radians(35)
h = c * sin(A)
d = b - c * cos(A)
a = hypot(h, d)
C = atan2(h, d)
B = pi - A - C
print(a, degrees(B), degrees(C))
```

இதில் பெரிய பக்கம், சிறிய பக்கம் என்ற சோதனையும் தேவையில்லை. b-யையும் c-யையும் இடம் மாற்றிக் கொடுத்தாலும் விடை சரியாக வரும்.

எனக்கு நிலத்தோட பரப்பு மட்டும் போதும். இவ்வளவும் பண்ணணுமா?

வேண்டாம். ½ × 40 × 90 × sin 35° = 1032 சதுர மீட்டர், ஏறத்தாழ இருபத்தைந்தரை சென்ட். மூன்றாவது பக்கமும் தேவையில்லை, மற்ற கோணங்களும் தேவையில்லை.